எட்டு லேப்டாப், ஆறு அச்சு: இணை அச்சு வரைபடம் போட்டுப் பார்த்து வாங்குவது எப்படி

போன வருடம் அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்தபோது லேப்டாப் பார்த்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பட்ஜெட் 65,000 ரூபாய். தினமும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வகுப்பறையில் பிளக் பாயின்ட் கிடைக்குமா என்பது சந்தேகம். நான்கு நாள் தேடி எட்டு மாடல்களைப் பொறுக்கி அட்டவணையில் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் விலை, பேட்டரி, எடை, திரை வெளிச்சம், ராம், எஸ்எஸ்டி என்று ஆறு விவரம். மொத்தம் 48 எண்கள். விலைப்படி அடுக்கினால் எடை கலைந்துவிடும். எடைப்படி அடுக்கினால் பேட்டரி கலைந்துவிடும். அடுத்த வரிக்குப் போவதற்குள் முந்தைய வரி மறந்துபோகும்.

இந்த மாதிரி இடத்துக்கென்றே ஒரு வரைபடம் இருக்கிறது. பேரலல் கோஆர்டினேட்ஸ் என்பார்கள். இங்கே இணை அச்சு வரைபடம் என்று சொல்கிறேன். அதை எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் எப்படிப் போடுவது, போட்ட பிறகு எப்படிப் படிப்பது, எங்கே அது நம்மை ஏமாற்றும் என்பதை அந்த எட்டு லேப்டாப்களை வைத்தே காட்டுகிறேன். மாடல் பெயர்களை எடுத்துவிட்டு அ, ஆ, இ என்று வைத்திருக்கிறேன். எண்களையும் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன்.

வரைபடத்தின் உள்ளே என்ன இருக்கிறது

பள்ளியில் படித்த வரைபடத்தில் ஒரு அச்சு படுத்திருக்கும், இன்னொன்று நின்றிருக்கும். விலையும் எடையும் மட்டும் போதும் என்றால் அதிலேயே ஒவ்வொரு லேப்டாப்புக்கும் ஒரு புள்ளி வைத்துவிடலாம். மூன்றாவது விவரத்துக்கு ஆழம் வேண்டும். நான்காவதுக்குத் தாளில் திசையே மிச்சமில்லை.

இணை அச்சு வரைபடத்தில் எல்லா அச்சுகளையும் பக்கம் பக்கமாக நிற்க வைத்துவிடுகிறோம், வேலிக்கு நட்ட கல்தூண்கள் போல. முதல் தூண் விலை, இரண்டாவது பேட்டரி, மூன்றாவது எடை. ஒரு லேப்டாப்பை எடுத்து ஒவ்வொரு தூணிலும் அதற்குரிய உயரத்தில் ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளை இடமிருந்து வலமாக ஒரு கோட்டால் இணைக்கிறோம். ஆக, ஒரு லேப்டாப் என்றால் ஒரு கோடு. எட்டு லேப்டாப்புக்கு எட்டுக் கோடுகள்.

யோசனை பழையதுதான். பிரெஞ்சுக் கணிதவியலாளர் மொரீஸ் தோக்காஞ் 1885-லேயே இணை ஆயத்தொலைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பல பரிமாணத் தரவைப் பார்க்கும் கருவியாக அதை வளர்த்தெடுத்தவர் ஆல்ஃபிரட் இன்ஸல்பெர்க். விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் வழி பிரித்துவிடுவதற்குக்கூட அவர் இதைப் பயன்படுத்தியிருக்கிறார். நமக்கு லேப்டாப் போதும்.

முதல்முறை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் வரும் குழப்பம் ஒன்று உண்டு. கோடு என்றதும் ஏறுகிறது, இறங்குகிறது என்று பங்குச் சந்தை மாதிரி படிக்கத் தோன்றும். இங்கே அப்படி இல்லை. பேட்டரித் தூணுக்கும் எடைத் தூணுக்கும் நடுவில் எதுவுமே இல்லை; அங்கே ஓடும் கோடு, ‘இந்தப் புள்ளியும் அந்தப் புள்ளியும் ஒரே லேப்டாப்புடையவை’ என்று கட்டி வைக்கும் நூல் மட்டுமே. தூணைத் தொடும் இடத்தில்தான் மதிப்பு இருக்கிறது.

படி 1: அட்டவணையைச் சுத்தமாக எழுதுவது

இதுதான் என் அட்டவணை. விலை ஆயிரம் ரூபாயில், பேட்டரி மணியில், எடை கிலோவில், வெளிச்சம் நிட்ஸில், ராமும் எஸ்எஸ்டியும் ஜிபியில்.

```
model,price,battery,weight,nits,ram,ssd
அ,42,5.5,1.70,250,8,512
ஆ,48,6,1.65,250,16,512
இ,55,8,1.40,300,16,512
ஈ,58,7,1.60,300,16,512
உ,62,12,1.25,400,8,256
ஊ,64,9,1.50,300,16,512
எ,72,4.5,2.30,300,16,512
ஏ,78,10,1.35,400,16,1024
```

கட்டத்துக்குள் வெறும் எண் மட்டும் இருக்க வேண்டும். ‘1.7 கிலோ’ என்று அடித்தால் ஷீட் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். பிறகு கணக்குப் போடும்போது `#VALUE!` என்று நிற்கும். அலகைத் தலைப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

பேட்டரி விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கம்பெனிகள் சொல்லும் ‘18 மணி நேரம்’ எல்லாம் ஒரே சோதனையில் வந்த எண் அல்ல. ஒருவர் திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்து வீடியோ ஓட்டியிருப்பார், இன்னொருவர் வேறு மாதிரி அளந்திருப்பார். வெவ்வேறு அளவுகோலில் எடுத்த எண்களை ஒரே தூணில் ஏற்றினால் அந்தத் தூணே பொய்யாகிவிடும். எட்டுக்கும் ஒரே விமர்சகர் ஒரே முறையில் அளந்த எண் கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் விவரத்தாளில் இருக்கும் வாட்-மணி எண்ணைப் போடலாம். அது பேட்டரியின் கொள்ளளவுதான்; எவ்வளவு நேரம் ஓடும் என்பது பிராசசர் குடிக்கும் மின்சாரத்தையும் பொறுத்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவுகோலாவது இருக்கும்.

படி 2: எல்லாத் தூணையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவது

விலை 42 முதல் 78 வரை, எஸ்எஸ்டி 256 முதல் 1024 வரை, எடை 1.25 முதல் 2.30 வரை. இவற்றை அப்படியே ஒரு படத்தில் போட்டால் எஸ்எஸ்டி மட்டும் வானத்துக்கு ஏறும்; எடை தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு தூணிலும் மிகக் குறைந்த மதிப்பை 0 என்றும் மிக உயர்ந்ததை 1 என்றும் வைத்து, நடுவில் இருப்பவற்றை அதற்கேற்ப அமர்த்துகிறோம்.

மேலே உள்ள அட்டவணை A1 முதல் G9 வரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12-ஆம் வரியில் தலைப்புகளையும், A13 முதல் A20 வரை மாடல் எழுத்துகளையும் திரும்ப எழுதுங்கள். பேட்டரிக்கு C13-இல் இப்படி:

```
=(C2-MIN(C$2:C$9))/(MAX(C$2:C$9)-MIN(C$2:C$9))
```

இதைக் கீழே C20 வரை இழுத்துவிடுங்கள். வெளிச்சம், ராம், எஸ்எஸ்டி மூன்றுக்கும் இதே சூத்திரம்தான். C இருக்கும் இடத்தில் E, F, G வரும்.

விலைக்கும் எடைக்கும் இது சரிப்படாது. பேட்டரி கூடினால் நல்லது, விலை கூடினால் கஷ்டம். ஆகவே அந்த இரண்டு தூண்களையும் தலைகீழாகத் திருப்ப வேண்டும். B13-இல்:

```
=(MAX(B$2:B$9)-B2)/(MAX(B$2:B$9)-MIN(B$2:B$9))
```

இப்போது மலிவான அ-வுக்கு விலைத் தூணில் 1.00 வரும், 55,000 ரூபாய் இ-க்கு 0.64 வரும், 78,000 ரூபாய் ஏ-வுக்கு 0 வரும். எடைக்கு D-யிலும் இதே மாதிரி. எல்லாத் தூணிலும் மேலே போவது நல்லது என்று ஆகிவிட்டது.

இந்தத் திருப்பலை மறந்து நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். எனக்கென்று லேப்டாப் பார்த்தபோது எடைத் தூணை மட்டும் திருப்பாமல் விட்டுவிட்டேன். ஒரு கோடு எல்லாத் தூணிலும் உச்சியிலேயே ஓடியது. ஆஹா என்று கடைக்குப் போய்க் கையில் எடுத்தால், அம்மிக்கல். படத்தில் உச்சியில் நின்றது அதன் பாரம். சரிபார்க்க ஒரு சுலப வழி: உங்கள் பட்டியலில் எது மிகக் கனமானது என்று உங்களுக்கே தெரியும். அந்த வரியில் எடைக்கு நேராக 0 இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே எ 2.3 கிலோ, D19-இல் 0 இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஏதாவது கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் ஷீட் அதை 0 என்று எடுத்துக் கணக்குப் போட்டுவிடும். விலை எழுத மறந்த லேப்டாப் இலவசம் என்று ஆகி, 2-க்கு மேல் ஒரு மதிப்பு வரும். புது அட்டவணையில் 1-ஐத் தாண்டியோ 0-வுக்குக் கீழேயோ ஏதாவது எண் தெரிந்தால், மேலே ஒரு காலிக் கட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

படி 3: கோடு போடுவது

A12 முதல் G20 வரை தேர்ந்தெடுத்து சாதாரணக் கோட்டு வரைபடத்தைப் போடுங்கள். கூகுள் ஷீட்ஸில் `Insert` போய் `Chart`, வகையில் `Line chart`. முதலில் வரும் படம் தவறாகத்தான் இருக்கும்: கீழே அ, ஆ, இ என்று லேப்டாப்கள் வரிசையாக நிற்கும், கோடுகள் விலை, பேட்டரி என்று ஓடும். நமக்கு வேண்டியது நேர்மாறு. `Switch rows / columns` என்ற கட்டத்தில் டிக் போட்டால் திரும்பிவிடும். எக்செல்லில் `Chart Design` பட்டையில் `Switch Row/Column`. ஆறு கோடு வந்தால் தவறு, எட்டுக் கோடு வந்தால் சரி.

எக்செல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி. கோட்டு வரைபடத்தில் தூண்கள் தெரியாது. கோடுகள் அந்தரத்தில் மடங்குவது போல இருக்கும். `Add Chart Element` போய் `Lines`, அதில் `High-Low Lines` என்று கொடுங்கள். ஒவ்வொரு விவரத்திலும் மிக உயர்ந்த புள்ளிக்கும் மிகத் தாழ்ந்த புள்ளிக்கும் நடுவே ஒரு நிலைக்குத்துக் கோடு வரும். நம் கணக்கில் ஒவ்வொரு விவரத்திலும் ஒரு 0-வும் ஒரு 1-ம் கட்டாயம் இருப்பதால், அதுவே முழு உயரத் தூணாக நின்றுவிடும்.

0, 1 என்று மாற்றியதில் அசல் எண்கள் காணாமல் போய்விட்டன. அதனால் 12-ஆம் வரித் தலைப்பிலேயே இரண்டு முனைகளையும் எழுதிவிடுங்கள்: ‘விலை 78→42’, ‘பேட்டரி 4.5→12’, ‘எடை 2.30→1.25’. முதல் எண் தூணின் அடி, இரண்டாவது உச்சி. இது இல்லாமல் படத்தை அடுத்தவரிடம் காட்டினால் ‘உசரமா இருக்கு, சரி, எவ்வளவு உசரம்?’ என்பார்.

படி 4: படிப்பது

முதலில் தனித்தனிக் கோட்டைப் பார்க்காதீர்கள். அடுத்தடுத்த இரண்டு தூண்களுக்கு நடுவில் உள்ள பட்டையைப் பாருங்கள்.

விலைக்கும் பேட்டரிக்கும் நடுவில் என் படத்தில் பெரிய சிக்கல் தெரிந்தது. விலைத் தூணின் உச்சியில் இருந்த அ 1.00-லிருந்து 0.13-க்கு விழுகிறது. அடியில் இருந்த ஏ 0-விலிருந்து 0.73-க்கு ஏறுகிறது. கோடுகள் கத்தரிக்கோல் போல வெட்டிக்கொள்கின்றன. எல்லாத் தூணும் மேலே போனால் நல்லது என்று திருப்பி வைத்திருப்பதால், இந்த வெட்டுக்கு ஒரே அர்த்தம்: ஒன்று வேண்டுமென்றால் மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். மலிவாகவும் வேண்டும், பேட்டரியும் நிற்க வேண்டும் என்றால் இந்தப் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. இந்த ஓட்டத்தில் சேராமல் எ மட்டும் 0.17-லிருந்து 0-வுக்குப் போகிறது. விலையும் அதிகம், பேட்டரியும் நிற்காது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

பேட்டரிக்கும் எடைக்கும் நடுவில் படம் அமைதியாக இருந்தது. பேட்டரி நிறைய நிற்கும் லேப்டாப்களே இந்தப் பட்டியலில் லேசாகவும் இருக்கின்றன. பெரிய பேட்டரி என்றால் கனம் கூடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் மெல்லிய லேப்டாப்களில் குறைந்த மின்சாரம் குடிக்கும் பிராசசர் போடுகிறார்கள். அதனால் சின்ன பேட்டரியே நீண்ட நேரம் வருகிறது. இந்தப் பட்டையில் எட்டுக் கோடுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு வெட்டுதான். இ-யும் ஊ-வும் வெட்டிக்கொள்கின்றன: ஊ பேட்டரியில் மேலே, இ எடையில் மேலே. கடைசியில் பேச்சு முழுவதும் இந்த ஒரு வெட்டில்தான் வந்து நின்றது.

அப்புறம் தனிக் கோடுகள். இரண்டு கோடுகளை எடுத்து, ஒன்று எங்குமே மற்றொன்றின் மேலே போகவில்லையா என்று பாருங்கள். ஈ-யையும் இ-யையும் எடுத்துக்கொள்ளுங்கள். விலையில் ஈ கீழே, பேட்டரியில் கீழே, எடையில் கீழே. வெளிச்சம், ராம், எஸ்எஸ்டி மூன்றிலும் இரண்டும் ஒரே புள்ளி. எந்தத் தூணிலும் இ-யை ஈ ஜெயிக்கவில்லை. 3,000 ரூபாய் கூடக் கொடுத்து ஒரு மணி நேரம் குறைவான பேட்டரியையும் 200 கிராம் கூடுதல் சுமையையும் யார் வாங்குவார்கள்? ஈ-யை அடித்துவிடலாம். அட்டவணையில் இரண்டு நாள் பார்த்தும் இது என் கண்ணில் படவில்லை. நடுவில் விலைப்படி அடுக்கி, எடைப்படி அடுக்கி, எல்லாம் மறந்துபோயிருந்தது.

இதே கணக்கில் எ-யும் விழ வேண்டும். இ-யோடு ஒப்பிட்டால் எ எந்தத் தூணிலும் மேலே இல்லை, பல தூணில் அடியில் கிடக்கிறது. பார்த்தவுடன் ‘இதைப் போய் 72,000-க்கு விற்கிறார்களே’ என்று தோன்றும். விற்பவர் முட்டாள் இல்லை. எ கேமிங் லேப்டாப். அதில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. விலையும் கனமும் பேட்டரிக் குறைவும் எல்லாம் அதற்காகத்தான். என் வரைபடத்தில் கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தூணே இல்லை. எல்லாத் தூணிலும் தோற்கும் கோடு ஒன்றைப் பார்த்தால் உடனே அடித்துவிடாதீர்கள். ‘இதற்கு ஏன் இந்த விலை’ என்று ஒரு நிமிடம் கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் நட மறந்த தூண் ஒன்று வெளியே வரும். முப்பரிமாண வரைபடம், வீடியோ எடிட்டிங் என்று படிக்கப் போகிறவர்களுக்கு அந்தத் தூணைச் சேர்த்தால் கதையே மாறிவிடும். அக்கா மகள் சேர்ந்தது வணிகவியல். எ-யை விட்டுவிட்டோம்.

தூண்களின் வரிசை

பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் தூண்களுக்கு நடுவில்தான் உறவு கண்ணுக்குத் தெரியும். விலை முதலாவதாகவும் ராம் ஐந்தாவதாகவும் இருந்தால் அவற்றுக்குள் என்ன உறவு என்று படம் சொல்லாது. ஆறு தூண்களில் 15 ஜோடிகள் உண்டு. ஒரு படத்தில் தெரிவது 5 மட்டுமே. ஆகவே வரிசையை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். எத்தனை முறை என்று பயப்பட வேண்டாம், மூன்று படங்கள் போதும். தூண்களுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுத்து, 1-2-6-3-5-4 என்று ஒன்று, 2-3-1-4-6-5 என்று ஒன்று, 3-4-2-5-1-6 என்று ஒன்று. 15 ஜோடிகளும் தலா ஒருமுறை பக்கத்தில் வந்துவிடும்.

நடைமுறையில் நான் இதையெல்லாம் செய்வதில்லை. எதற்கும் எதற்கும் இழுபறி என்று மனதில் தோன்றுகிறதோ அவற்றைப் பக்கத்தில் வைக்கிறேன். விலையை இடது ஓரத்தில் வைக்கிறேன், ஏனென்றால் வீட்டில் யாரிடம் காட்டினாலும் முதல் கேள்வி அதுதான்.

ராம் மாதிரித் தூண்களை வலது ஓரத்துக்குத் தள்ளுவது நல்லது. அதில் 8, 16 என்று இரண்டே மதிப்பு. ஆறு கோடுகள் 16 என்ற ஒரே புள்ளியில் வந்து குவிந்து, அங்கிருந்து பிரிந்து போகும். உள்ளே வந்த கோடு எது, வெளியே போன கோடு எது என்று கண்ணால் பின்தொடர முடியாது. பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்குள் போன ஆளைத் தேடுவது மாதிரி. இதைத் தூணாக வைக்காமல் நிறமாக மாற்றிவிடுவதே சிறந்த வழி: 8 ஜிபி கோடுகள் ஆரஞ்சு, 16 ஜிபி கோடுகள் பச்சை. எட்டுக் கோடுகளுக்கு எட்டு நிறம் கொடுப்பதைவிட இரண்டு நிறம் அதிகம் சொல்லும்.

ஒரு லேப்டாப் தூணையே கெடுத்தால்

கூட வேலை செய்யும் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, தான் வைத்திருக்கும் 2,10,000 ரூபாய் லேப்டாப்பையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். விலைத் தூண் இப்போது 42 முதல் 210 வரை. பழைய எட்டும் தூணின் உச்சியில் ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குள் ஒண்டிக்கொண்டன. 42,000-க்கும் 78,000-க்கும் உள்ள வித்தியாசம் படத்தில் விரல்கடை அளவு ஆகிவிட்டது. வாங்கப்போவதில்லை என்று தெரிந்த பொருளைப் படத்தில் சேர்க்க வேண்டாம். கட்டாயம் இருக்க வேண்டுமென்றால் அதன் விலையைத் தூணின் அடியோடு நிறுத்திவிட்டு ஓரத்தில் குறிப்பு எழுதுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லா லேப்டாப்பும் 14 அங்குலம், ஒன்று மட்டும் 14.2 என்று வைத்துக்கொள்வோம். 0, 1 கணக்கு அந்த 0.2 அங்குலத்தைத் தூணின் முழு உயரத்துக்கு இழுத்துவிடும். ஏதோ பெரிய வித்தியாசம் போலக் கோடு அடியிலிருந்து உச்சிக்குப் பாயும். இந்தத் தூண் தேவையே இல்லை. அல்லது சூத்திரத்தில் `MIN`, `MAX` இருக்கும் இடத்தில் உங்களுக்கு அர்த்தமுள்ள எல்லைகளை நீங்களே எழுதலாம், எடைக்கு 1 கிலோவும் 2.5 கிலோவும் என்பது போல. அப்படிச் செய்தால் தூண் பட்டியலைப் பொறுத்து மாறாது. நாளை ஒன்பதாவது லேப்டாப் வந்தாலும் பழைய கோடுகள் அசையாமல் இருக்கும். ஆனால் `High-Low Lines` முழு உயரத்துக்கு வராது, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோடுகள் நிறைய இருந்தால்: பைத்தானும் வடிகட்டலும்

இருபது கோடு வரை ஷீட் தாங்கும். வாடகைக்கு வீடு தேடுகிறீர்கள், 150 வீடுகளின் வாடகை, சதுர அடி, முன்பணம், பஸ் நிறுத்தத்துக்குத் தூரம் எல்லாம் கையில் இருக்கிறது என்றால், கோட்டு வரைபடம் நூல்கண்டு சிக்கியது போல ஆகிவிடும். அங்கே தேவைப்படுவது வடிகட்டல்: தூணின் மேல் மவுஸை இழுத்து ‘இந்த எல்லைக்குள் வருவதை மட்டும் காட்டு’ என்று சொல்வது. பைத்தானில் பிளாட்லி நூலகத்தில் இது தயாராக இருக்கிறது. `pip install pandas plotly` என்று நிறுவிவிட்டு, மேலே உள்ள அட்டவணையை `laptops.csv` என்று சேமித்து இதை ஓட்டுங்கள்:

```python
import pandas as pd
import plotly.graph_objects as go

df = pd.read_csv("laptops.csv")
n = list(range(len(df)))
fig = go.Figure(go.Parcoords(
    line=dict(color=df["ram"],
              colorscale=[[0, "orange"], [1, "green"]]),
    dimensions=[
        dict(label="மாடல்", values=n, tickvals=n,
             ticktext=df["model"]),
        dict(label="விலை", values=df["price"], range=[80, 40]),
        dict(label="பேட்டரி", values=df["battery"], range=[4, 12]),
        dict(label="எடை", values=df["weight"], range=[2.5, 1]),
        dict(label="வெளிச்சம்", values=df["nits"], range=[200, 400]),
        dict(label="எஸ்எஸ்டி", values=df["ssd"],
             tickvals=[256, 512, 1024]),
    ]))
fig.show()
```

இங்கே 0, 1 கணக்கு நாம் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு தூணும் தன் அசல் எண்களோடு நிற்கும். `range=[80, 40]` என்று பெரிய எண்ணை முதலில் எழுதியிருப்பதுதான் விலைத் தூணைத் திருப்பும் வேலை. மாடல் பெயரை முதல் தூணாக வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. இந்த வகை வரைபடத்தில் கோட்டின் மேல் மவுஸை வைத்தால் பெயர் எதுவும் வராது. அந்தத் தூண் இல்லாவிட்டால், மிஞ்சிய கோடு எந்த லேப்டாப் என்று தெரியாமல் விழிக்க வேண்டும்.

படம் உலாவியில் திறக்கும். தூணின் மேல் நிலைக்குத்தாக இழுத்தால் அந்த எல்லைக்கு வெளியே உள்ள கோடுகள் மங்கிவிடும். தூணின் வேறு இடத்தில் கிளிக் செய்தால் வடிகட்டல் போய்விடும். தூணின் பெயரைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் வரிசை மாறும், மூன்று படம் போட வேண்டிய வேலை மிச்சம்.

நான் விலையில் 65-லிருந்து உச்சி வரை இழுத்தேன். எ, ஏ இரண்டும் மங்கின. பேட்டரியில் 7-லிருந்து உச்சி வரை. அ, ஆ போயின. எடையில் 1.6 கிலோ வரை என்று இழுத்தபோது எதுவும் புதிதாக மங்கவில்லை. பேட்டரியும் எடையும் கூடவே போகின்றன என்று முன்பே பார்த்தோமே, அதுதான்; ஒன்றை வடிகட்டியதில் மற்றதும் வடிந்துவிட்டது. மிஞ்சியவை இ, ஈ, உ, ஊ. ஈ முன்பே விழுந்தது.

உ-வின் கோடு பார்க்க ஆசையாக இருந்தது. பேட்டரி 12 மணி, எடை 1.25 கிலோ, வெளிச்சம் 400, மூன்று தூணிலும் உச்சி அதுதான். ஆனால் கோடு ஆரஞ்சு, எஸ்எஸ்டித் தூணில் அடிமட்டம். 8 ஜிபி ராமை நான்கு வருடம் ஓட்ட வேண்டும். இவ்வளவு மெல்லிய லேப்டாப்களில் ராமை போர்டிலேயே பற்றவைத்துவிடுவது வழக்கம், பிறகு கூட்ட முடியாது. விவரத்தாளைத் தேடிப் பார்த்தேன், உ-வும் அப்படித்தான். இதுவும் என் படத்தில் இல்லாத தூண்.

இ-யும் ஊ-வும் நின்றன. ஊ வாங்கினால் 9,000 ரூபாய் கூட, ஒரு மணி நேரம் கூடுதல் பேட்டரி, 100 கிராம் கூடுதல் எடை. மற்ற எல்லாம் ஒன்று. என் ஓட்டு இ-க்கு. அக்காவும் சரி என்றாள்.

கடையில் இரண்டையும் எடுத்து வைத்தார்கள். மருமகள் ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் டைப் அடித்துப் பார்த்தாள். “மாமா, இதுல கீ எல்லாம் அமுங்கவே மாட்டேங்குது” என்று இ-யைத் தள்ளி வைத்தாள். நானும் அடித்துப் பார்த்தேன், உண்மைதான். ஊ-வை வாங்கிக்கொண்டு வந்தோம். 9,000 ரூபாயை நான் போட்டேன்.